வானை எங்கே நிறுத்தக் கூடாது, ஓரத்தில் எப்படி நிறுத்துவது?

தோட்டங்களில் இப்போது வான், ஆட்டோ, சிறிய லொறி என்று ஓட்டுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரி ஓட்டம் ஓடுகிறவர், சனிக்கிழமை ஆட்களை டவுனுக்கு ஏற்றிப் போகிறவர் எல்லோரும் நம்முடைய ஆட்கள்தான். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது கியரும் பிரேக்கும் நன்றாகப் பழகிக்கொள்கிறோம். ஆனால் ஓடுகிற வண்டியை எங்கே, எப்படி நிப்பாட்டுவது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலில் நிறுத்தக் கூடாத மூன்று இடங்களையும் அதன் காரணங்களையும் பார்ப்போம். பிறகு இரண்டு வாகனங்களுக்கு இடையில் ஓரக்கல்லை ஒட்டி வானை எப்படி நிறுத்துவது என்று படிப்படியாகப் பார்ப்போம். ஓரக்கல் என்று நாம் சொல்வது, வீதிக்கும் நடைபாதைக்கும் நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கும் கல் வரிசையை.

கணக்குக்கு நம் பக்கத்தில் அதிகம் ஓடுகிற டொல்பின் வானையே வைத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறக்குறைய 4.7 மீற்றர், அதாவது பதினைந்தரை அடி. அகலம் 1.7 மீற்றர். இந்த இரண்டு அளவையும் மனசில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் சுலபமாக விளங்கும்.

சந்தி

சந்திக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால், "பொலிஸ் பிடிக்கும்" என்பார்கள். உண்மையான காரணம் அதுவல்ல. சந்தியின் மூலையில் நிற்கிற ஒரு வான் ஒரு சுவரைப் போன்றது. தோட்ட ரோட்டிலிருந்து பிரதான வீதிக்கு வருகிற ஆள், அந்தச் சுவரைத் தாண்டி மூக்கை நீட்டினால்தான் வலப்பக்கத்திலிருந்து வருகிற பஸ்ஸைக் காண முடியும். அவர் மூக்கை நீட்டுகிற நேரத்தில்தான் பஸ் சாரதியும் அவரைக் காண்கிறார்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் வந்துவிடும். ஆபத்தைக் கண்டு, காலைப் பிரேக்கில் வைத்து, வண்டி முழுதாக நிற்பதற்குக் காய்ந்த வீதியில் ஏறக்குறைய 17 மீற்றர் வேண்டும். அதில் ஏழு, எட்டு மீற்றர் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஓடிவிடும். மழை நேரத்தில் பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரம் இரண்டு மடங்காகும். அப்போது மொத்தம் 27 மீற்றருக்குப் போய்விடும். நம் பக்கத்தில் வருஷத்தில் பாதி நாள் வீதி ஈரமாகத்தான் கிடக்கிறது. மூலையில் நின்ற வானால் ஒருவரை ஒருவர் காண்பது 10 மீற்றர் தூரத்தில்தான் என்றால், எவ்வளவு நல்ல சாரதியாக இருந்தாலும் நிப்பாட்ட முடியாது. அடிபடுகிறவர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வருகிறவரும், நடந்து கடக்கிறவரும்தான். மூலையில் வானை விட்டுவிட்டுக் கடைக்குப் போனவருக்கு ஒரு கீறலும் வராது.

இன்னொரு காரணமும் உண்டு. பஸ்ஸோ கொழுந்து லொறியோ இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் போவதில்லை. மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். அதனால் நீள வண்டியின் சாரதி முதலில் வலப்பக்கம் அகலமாக எடுத்துத்தான் திரும்ப வேண்டும். அந்த இடத்தை நம் வான் பிடித்துக்கொண்டால், அவர் திரும்ப முடியாமல் நடுவீதியில் நின்று முன்னும் பின்னும் எடுப்பார். அந்த வரிசையில் நாலாவது வண்டியாகப் பிள்ளைப்பேற்றுக்குப் போகிற நம் தோட்டத்துப் பெண்ணின் வான் நிற்கலாம்.

சந்தியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். சிங்கப்பூரில் 6 மீற்றர், பிரித்தானியாவின் வீதி ஒழுங்குக் கையேட்டில் 10 மீற்றர். பழக்கத்துக்கு நாம் 10 மீற்றரையே குறைந்த அளவாக வைத்துக்கொள்வோம். டேப் தேவையில்லை. இரண்டு டொல்பின் வானை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினால் வருகிற நீளம் அது. நடந்து பார்த்தால் சாதாரண நடையில் பதினாலு எட்டு. ஏதாவது ஒரு டவுனில் பலகையோ வீதிக் கோடோ இதைவிடக் கூடின தூரத்தைக் காட்டினால், அதுதான் சட்டம்.

வளைவுக்கும் ஏற்றத்தின் உச்சிக்கும் இதே காரணம் பொருந்தும். அங்கேயும் நிற்கிற வான் பின்னால் வருகிறவரின் கண்ணை மறைக்கிறது. நம் மலை ரோட்டில் நேரான இடம் கொஞ்சம்தான். என்றாலும் வளைவைத் தாண்டிப் போய் நிறுத்திவிட்டு நூறு அடி திரும்ப நடப்பது நல்லது.

பஸ் தரிப்பிடம்

பஸ் தரிப்பிடத்தில் வானை விடுகிறவர்கள் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு நிமிஷம்தானே, பஸ்ஸு இன்னும் வரல்லியே." பஸ் வந்த பிறகு நடப்பதைப் பாருங்கள்.

பெரிய பஸ் ஒன்று 10, 11 மீற்றர் நீளம். அது ஓரத்தை ஒட்டி நேராக நிற்க வேண்டுமானால், நிற்கிற இடம் மட்டும் இருந்தால் போதாது. சாய்வாக உள்ளே வருவதற்கு முன்னால் கொஞ்ச இடமும், மறுபடி சாய்வாக வெளியே போவதற்குப் பின்னால் கொஞ்ச இடமும் வேண்டும். நடுவில் ஒரு வான் நின்றால் பஸ் உள்ளே வராது. வீதியின் நடுவிலேயே நின்று ஆட்களை இறக்கும். நம் நாட்டில் பஸ்ஸின் கதவு இடப்பக்கம். ஆகவே இறங்குகிறவர்கள் பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவில் உள்ள வீதியில்தான் கால் வைக்க வேண்டும். பஸ் நின்றுவிட்டதே என்று இடப்பக்க இடைவெளியால் புகுந்து வருகிற மோட்டார் சைக்கிள், மூட்டையோடு இறங்குகிற பாட்டியைக் கடைசி நொடியில்தான் காணும்.

இங்கே வானின் சாரதி உள்ளேயே உட்கார்ந்து இருந்தாலும், எஞ்சினை ஓட விட்டிருந்தாலும், பயன் எதுவுமில்லை. இடம் அடைபட்டதுதான் பிரச்சினை. வானில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதல்ல. அதனால் பஸ் தரிப்பிடத்தில் ஆட்களை இறக்குவதற்கும் நிற்காமல் இருப்பதே சரி. தரிப்பிடத்தின் பலகைக்கு முன்னால் ஒரு பஸ்ஸின் நீளமும், தாண்டி அரை பஸ்ஸின் நீளமும் விட்டுவிட்டு நிறுத்துங்கள். சிங்கப்பூரில் இதற்கு 9 மீற்றர் என்று சட்டமே இருக்கிறது.

பாதசாரிக் கடவைக்கும் இதே கண்ணால் பாருங்கள். கடவைக்கு முன்னால் ஒரு வான் நின்றால், அதன் மறைவிலிருந்து வெளியே வருகிற பள்ளிக்கூடப் பிள்ளையின் தலை வானின் கண்ணாடி உயரத்துக்குக்கூட வராது. வருகிற சாரதி வானைத்தான் காண்பார், பிள்ளையைக் காணமாட்டார்.

தண்ணீர் எடுக்கும் இடம்

மூன்றாவது இடம் பலருக்கும் தெரியாதது. டவுனில் தீயணைக்கும் வண்டி குழாயைப் பொருத்தித் தண்ணீர் எடுப்பதற்கென்றே தண்ணீர்க் குழாயில் சில இணைப்புகள் வைத்திருப்பார்கள். சில இடத்தில் அது தரைக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கம்பமாக நிற்கும். சில இடத்தில் தரைக்குள் இருக்கும். மேலே ஓர் இரும்பு மூடி மட்டும் தெரியும். கம்பத்தைக் கண்டால் நிறுத்தமாட்டோம். மூடியைத்தான் கவனிக்காமல், அதன் மேலேயே டயரை வைத்துவிடுகிறோம்.

மூடியின் மேலே வண்டி நின்றால் திறக்க முடியாது என்பது எல்லோருக்கும் விளங்கும். ஆனால் பக்கத்தில் நின்றாலும் ஏன் தடை என்று சிலர் கேட்பார்கள். தண்ணீர் ஓடுகிற கனமான குழாய் சேலை மாதிரி மடங்காது. அதை அகலமாக வளைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஒடுக்கமான இடைவெளியில் திருப்பினால் முறிந்து மடங்கி, தண்ணீர் நின்றுவிடும். இணைப்பைத் திறக்கிற ஆளுக்கும் சாவியைப் பிடித்துச் சுற்றுவதற்கு இடம் வேண்டும். அதனால்தான் நியூயோர்க் நகரத்தில் இந்தக் கம்பத்தின் இரு பக்கமும் 15 அடி விட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 3 மீற்றர். வேலைக்கு வெளிநாடு போய் அங்கே வண்டி ஓட்ட நினைக்கிறவர்கள் இந்த ஒன்றை முக்கியமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கிற இடம் அதிர்ஷ்டத்தால் கிடைத்த இடமல்ல.

தோட்டத்தில் இந்தக் கம்பமும் இல்லை, மூடியும் இல்லை. அப்படியானால் நமக்கு என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். ஒரு லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால், கூரை ஒன்றாக இருப்பதால் மற்றக் காம்பராக்களுக்கும் ஓடும். அப்போது தண்ணீர் வருவது தோட்டத்துத் தொட்டியிலிருந்தோ, ஓடையிலிருந்தோ, டவுனிலிருந்து வருகிற தண்ணீர் வண்டியிலிருந்தோதான். தீயணைக்கும் வண்டி ஏறக்குறைய இரண்டரை மீற்றர் அகலம். லயத்துக்குப் போகிற ரோடு பல இடங்களில் மூன்று மீற்றர்தான். ராத்திரி ஒரு ஆட்டோவை அந்த ரோட்டில் விட்டுவிட்டுச் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினால், தீ வண்டி மட்டுமல்ல, ஆஸ்பத்திரி வண்டியும் வர முடியாது. ஆகவே லயத்து வழி, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழி, வண்டி திருப்புகிற முடக்கு, இந்த மூன்றும் நமக்கு இரும்புக் கம்பம் மாதிரிதான்.

ஓரத்தில் நிறுத்துவது

இப்போது நிறுத்தக் கூடிய இடம் ஒன்று கிடைத்துவிட்டது. முன்னால் ஒரு வாகனம், பின்னால் ஒரு வாகனம், நடுவில் காலி இடம். தலையை முன்னால் நுழைத்துப் போக முடியாதா என்று பலர் முயற்சி பண்ணுகிறார்கள். முடியாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் மட்டுமே திரும்புகிறது. பின் சக்கரம் இழுபட்டுத்தான் வரும். தலையை நுழைத்தால் வால் வீதியிலேயே நிற்கும். வாலை முதலில் நுழைத்தால், பிறகு திரும்பக் கூடிய தலையை நாம் நினைத்த இடத்துக்குக் கொண்டுவரலாம். பின்னுக்கு எடுத்து நிறுத்துவதன் இரகசியம் இவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை. ஒரு தம்பி தோட்டத்திலிருந்து பத்துப் பேரை டொல்பின் வானில் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருகிறார். ஹட்டன், தலவாக்கலை போன்ற நம் மலைநாட்டு டவுன்களில் கடைகள் பிரதான வீதியின் ஓரத்திலேயே இருப்பதால் அன்றைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். முதலில் ஒரு காலி இடம் தெரிகிறது. அது சந்தியிலிருந்து நாலே எட்டு. விட்டுவிட்டுப் போகிறார். அடுத்தது பஸ் தரிப்பிடம். அதையும் விடுகிறார். மூன்றாவது இடத்தில் நிறுத்தப் போகும்போது, முன் சீற்றில் இருக்கிற மாமா தரையைக் காட்டுகிறார்.

"தம்பி, கீழ இரும்பு மூடி ஒன்னு தெரியுது பாருங்க. அதுல வேணாம்."

"சரி மாமா, இன்னுங் கொஞ்சம் மேல போய்ப் பாப்போம்."

நாலாவது இடம் ஒரு ஏற்றத்தில், ஒரு காருக்கும் ஒரு வானுக்கும் நடுவில் இருக்கிறது. தடைப் பலகை இல்லை, வாசல் இல்லை, மூடியும் இல்லை. இடம் போதுமா? நம் வண்டியின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும். 4.7 மீற்றர் வானுக்கு 7 மீற்றர், அதாவது பத்து எட்டு. அதைவிடக் குறைந்தால் பழகினவர்களுக்கே சிரமம். புதிதாகப் பழகுகிறவர் வேறு இடம் பார்க்க வேண்டும். ஆட்களை முதலில் நடைபாதைப் பக்கம் இறக்கிவிட்டு, தம்பி வேலையைத் தொடங்குகிறார்.

முதலாவது: இடது சிக்னல் போட்டு, காலி இடத்தைத் தாண்டிப் போய், முன்னால் நிற்கிற காருக்குப் பக்கத்தில் நேராக நிற்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவில் இரண்டரை அடி இருக்கட்டும். நம் பின் பம்பரும் அந்தக் காரின் பின் பம்பரும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். நிறுத்தியவுடனே ரிவர்ஸ் கியரைப் போட்டுவிடுங்கள். பின்னால் வெள்ளை வெளிச்சம் எரியும். வருகிறவருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று தெரிவது அதனால்தான்.

இரண்டாவது: இரண்டு கண்ணாடியையும் பார்த்து, தலையைத் திருப்பிப் பின்னாலும் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள், சின்னப் பிள்ளை, நாய் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, கிளச்சைப் பாதி விட்டு, நடக்கிற வேகத்திலும் மெதுவாகப் பின்னால் எடுத்துக்கொண்டே ஸ்டியரிங்கை முழுதாக இடப்பக்கம் திருப்புங்கள். வால் ஓரத்துக்குள் போகும், தலை வீதிக்குள் போகும். இங்கேதான் பலர் பின்னாலேயே பார்த்துக்கொண்டு முன்னாலே மறந்துவிடுகிறார்கள். நம் வலது முன் மூலை வீதிக்குள் வெளியே வருகிறது. அந்த நேரம் வீதியில் ஒரு பஸ் கடந்தால் பிரேக்கைப் பிடித்து அதைப் போக விட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது: எப்போது திருப்புவதை நிறுத்துவது? வான் வீதிக்குக் குறுக்கும் இல்லாமல், நேரும் இல்லாமல், இரண்டுக்கும் சரி நடுவில், 45 பாகையில் நிற்க வேண்டும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வலப்பக்கக் கண்ணாடியில், பின்னால் நிற்கிற வண்டியின் முகம் இரண்டு விளக்கோடும் முழுதாகத் தெரியும் நேரம் அதுதான். அப்போது ஸ்டியரிங்கை நேராக்கி, கொஞ்ச தூரம் நேர் பின்னால் எடுங்கள்.

நாலாவது: நம் இடது முன் மூலை, முன்னால் நிற்கிற காரின் வலது பின் மூலையைத் தாண்டியதும், ஸ்டியரிங்கை முழுதாக வலப்பக்கம் திருப்பி, தொடர்ந்து மெதுவாகப் பின்னால் எடுங்கள். இப்போது தலை உள்ளே வரும். வான் ஓரக்கல்லுக்கு நேராக வந்ததும் நின்று, சக்கரத்தை நேராக்கி, முன்னாலும் பின்னாலும் சம இடைவெளி இருக்கிற மாதிரி கொஞ்சம் முன்னால் எடுத்தால் வேலை முடிந்தது. டயருக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் நல்லது. ஒரு அடிக்கு மேலே போகக் கூடாது. இடப்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்தால் பின் டயரையும் ஓரக்கல்லையும் ஒன்றாகக் காணலாம்.

பின்னால் நிற்கிற ஆள்

தம்பியின் வானுக்கு மாமா இறங்கிக் கை காட்டுகிறார். இதில் ஒரு கட்டாயம் உண்டு. கை காட்டுகிறவர் ஒரு நாளும் வானுக்கும் பின் வண்டிக்கும் நடுவில் நிற்கக் கூடாது. கிளச்சில் கால் வழுக்கினால் அவருக்கு ஓட இடமில்லை. அவர் நடைபாதையில், சாரதியின் இடப்பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும்.

"மாமா, கண்ணாடியில உங்களக் காணல்ல. கொஞ்சம் முன்னுக்கு வாங்க."

"இந்தா வாறேன். நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க தம்பி."

கண்ணாடியில் ஆள் மறைந்துவிட்டால் வண்டி உடனே நிற்க வேண்டும். "வா வா" என்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு எடுக்கக் கூடாது. டவுன் சத்தத்தில் "வா" என்பதும் "வேணாம்" என்பதும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

பிழைத்தால் எப்படித் தெரியும்?

பின் டயர் ஓரக்கல்லில் இடிக்கிறது, ஆனால் தலை இன்னும் வீதியில் நிற்கிறது என்றால், இடப்பக்கம் அதிகமாகத் திருப்பிவிட்டோம், அல்லது வலப்பக்கம் திருப்பப் பிந்திவிட்டோம். எக்ஸலேட்டரை மிதித்துக் கல்லில் ஏற்றக் கூடாது. டயரின் பக்கச் சுவருக்குள் நூல் அறுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. சில நாளில் அந்த இடம் கொப்புளம் மாதிரி வீங்கும். பிறகு இறக்கத்தில் வெடிக்கலாம். வந்த வழியாலேயே முன்னால் எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

வான் நேராகத்தான் நிற்கிறது, ஆனால் ஓரக்கல்லிலிருந்து மூன்று அடி தள்ளி நிற்கிறது என்றால், வலப்பக்கம் திருப்புவதில் அவசரப்பட்டுவிட்டோம். அந்த இடத்திலேயே ஸ்டியரிங்கை அங்கும் இங்கும் திருப்பி நெருக்க முயற்சி பண்ணினால் நேரம்தான் போகும். வெளியே எடுத்து முதலாவது படியிலிருந்து செய்வதுதான் விரைவு. முன் மூலை முன் காரில் உரசப் போகிறது என்றாலும் காரணம் அதே அவசரம்தான்.

நம் பக்கத்தில் பல இடங்களில் ஓரக்கல்லே கிடையாது; திறந்த கான்தான். அங்கே ஒரு சாண் கணக்கு செல்லாது. மழையில் ஊறிய கான் ஓரம் வானின் பாரத்தில் இடிந்து இறங்கும். விளிம்பிலிருந்து இரண்டு அடியாவது விட்டு நிறுத்துங்கள். அப்படி விட்டால் வீதியில் மற்ற வண்டி போக இடமில்லை என்றால், அது நிறுத்துவதற்கான இடமே அல்ல.

ஏற்றத்திலும் இறக்கத்திலும்

தம்பியின் வான் ஏற்றத்தைப் பார்த்து நிற்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் போனால் போதாது. ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்த பழைய வான் முதல் ஐந்து நிமிஷம் நிற்கும். பிறகு ஓடத் தொடங்கும். அதற்கு முன் சக்கரமே காவல்.

ஏற்றத்தைப் பார்த்து நின்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம், அதாவது ஓரக்கல்லுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். வான் பின்னுக்கு உருண்டால் இடது முன் டயரின் பின்பக்கம் ஓரக்கல்லில் முட்டி நின்றுவிடும். இறக்கத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம், ஓரக்கல்லை நோக்கித் திருப்ப வேண்டும். முன்னுக்கு உருண்டால் டயரின் முன்பக்கம் முட்டும். கியரையும் போட்டு வைக்க வேண்டும்: ஏற்றத்தைப் பார்த்தால் முதலாம் கியர், இறக்கத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். ஓரக்கல் இல்லாத இடத்தில் மலைச் சரிவுப் பக்கமாக நிறுத்தி, சக்கரத்தை அந்த மண் மேட்டை நோக்கித் திருப்பி, உருளக் கூடிய பக்கத்தில் டயருக்கு அடியில் மரக் கட்டை வையுங்கள். பள்ளப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். கல்லை வைத்தால் புறப்படும்போது எடுத்து ஓரத்தில் போட மறக்கக் கூடாது. ராத்திரி வருகிற மோட்டார் சைக்கிள் அதில்தான் ஏறும்.

கடைசியாக இறங்குவது. சாரதியின் கதவு வீதிப் பக்கம் திறக்கிறது. வலது கையால் திறந்தால் உடம்பு முன்னுக்கே பார்க்கும். இடது கையை நீட்டித் திறந்து பாருங்கள். தோள் தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிளும் கண்ணில் படும்.

மைதானத்தில் பழகுவது

இதை டவுனில் போய்ப் பழக வேண்டாம். தோட்ட மைதானத்தில் ஒரு கோட்டைக் கீறி அதை ஓரக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டிலிருந்து ஆறு அடி தள்ளி, ஒன்றுக்கொன்று 7 மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பை நடுங்கள். முன் கம்பு முன்னால் நிற்கிற காரின் வலது பின் மூலை. பின் கம்பு பின்னால் நிற்கிற வண்டியின் வலது முன் மூலை. கம்பில் ஒரு துணியைக் கட்டினால் கண்ணாடியில் தெரியும். பத்துத் தடவை செய்து, கம்பு சாயாமலும் கோட்டைத் தாண்டாமலும் எத்தனை தடவை வந்தது என்று எண்ணுங்கள். பத்தில் எட்டு வந்தால் இடைவெளியை ஆறரை மீற்றராகக் குறைத்துப் பாருங்கள். அதிலும் எட்டு வந்த பிறகு சனிக்கிழமை டவுனுக்குப் போகலாம்.